ஒரு பிளக் பாயிண்ட் மட்டும் வேலை செய்யவில்லை: கோளாறை எங்கே தேடுவது

வீட்டில் மற்ற இடங்களில் எல்லாம் கரண்ட் இருக்கிறது. அதே அறையில்கூட ஃபேன் சுற்றுகிறது, கதவுக்குப் பக்கத்துப் பாயிண்டில் சார்ஜர் வேலை செய்கிறது. மேஜைப் பக்கம் இருக்கிற பிளக் பாயிண்டில் மட்டும் எதைச் செருகினாலும் ஓடவில்லை. வீட்டு லைன்கள் பிரிகிற டி.பி. பாக்ஸில், கரண்ட் மிகுந்தால் தானே அணைகிற எம்.சி.பி. சுவிட்ச் எதுவும் விழுந்திருக்கவில்லை. இந்த இடத்தில் பலரும் முதலில் செய்கிற காரியம் சாக்கெட்டை மாற்றுவது. புது சாக்கெட்டைப் போட்ட பிறகும் நிலைமை அப்படியே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். இந்த மாதிரிக் கோளாறு அந்த சாக்கெட்டில் இருப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டோ, அதற்கு முந்தைய போர்டில், அதாவது நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற போர்டில் இருப்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

ஒயரிங் போடும் விதம்தான் இதற்குக் காரணம். டி.பி. பாக்ஸிலிருந்து ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனி ஒயர் வருவதில்லை. ஒரு ஒயர் முதல் போர்டுக்கு வரும். அங்கே அதே ஸ்குரூவில் இன்னொரு ஒயரையும் சேர்த்து முறுக்கி அடுத்த போர்டுக்குக் கொண்டு போவார்கள். அங்கிருந்து அதற்கு அடுத்தது. இதைத்தான் லூப் எடுப்பது என்கிறோம். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் இப்படியே போர்டுக்குப் போர்டு தாவிப் போகும். ஆகவே இரண்டாவது போர்டு ஓடுகிறது, மூன்றாவது ஓடவில்லை என்றால், அறுந்த இடம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: இரண்டாவது போர்டிலிருந்து ஒயர் கிளம்புகிற ஸ்குரூ, மூன்றாவது போர்டுக்கு அது வந்து சேருகிற இடம், அல்லது இரண்டுக்கும் நடுவில் சுவருக்குள் ஓடுகிற ஒயர். கடைசியில் சொன்னது அபூர்வம். வேலை பெரும்பாலும் முதல் இரண்டு இடங்களிலேயே முடிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு. சில நாடுகளில் பிளக் பாயிண்டுகளை வளையமாக இணைப்பார்கள். ஒயர் கடைசிப் பாயிண்டிலிருந்து மறுபடி டி.பி. பாக்ஸுக்கே திரும்பி வரும். அந்த அமைப்பில் ஓரிடத்தில் ஒயர் அறுந்தால் மறுபக்கம் வழியாக கரண்ட் வந்துவிடும். ஆகவே அங்கே ஒரே ஒரு சாக்கெட் மட்டும் ஓடவில்லை என்றால் சந்தேகம் நேராக அந்த சாக்கெட்டின் மேல்தான், அல்லது வளையத்திலிருந்து அதற்குத் தனியாகக் கிளை எடுத்த இடத்தின் மேல்.

## ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன்

ஓடாத பாயிண்டில் செருகிய பொருளை ஓடுகிற பாயிண்டில் செருகிப் பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைச் செய்யாமல் போர்டைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிற வகையானால் அதையும் பாருங்கள். போர்டிலேயே தனியாக ஒரு ஃபியூஸோ, டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் வைத்த சாக்கெட்டோ வழியில் இருந்தால் அதையும் பாருங்கள். அந்த வகை சாக்கெட் ஒன்று விழுந்தால், அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமே சேர்ந்து அணைந்துவிடும்.

அப்புறம் வரைபடம். அந்த அறைக்கான எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, வீடு முழுக்க நடந்து எதெல்லாம் அணைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அவைதான் இந்த லைனின் உறுப்பினர்கள். மறுபடி ஏற்றிவிட்டு அந்தப் பட்டியலில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாக்கெட் மட்டும்தான் போய்விட்டது என்று நினைத்திருப்போம்; அதே போர்டில் யாரும் போடாத ஒரு நைட் லாம்பும், வெளிச் சுவரில் ஒரு விளக்கும் சேர்ந்து போயிருக்கும். இந்தத் தகவல் மிக முக்கியம். சாக்கெட் மட்டும் ஓடவில்லை, அதே போர்டில் உள்ள விளக்கு எரிகிறது என்றால் கோளாறு அந்தப் போர்டுக்குள்ளேயே இருக்கிறது. போர்டு முழுக்கப் போய்விட்டது என்றால் லூப்பில் இருக்கிறது. எந்தப் போர்டிலிருந்து எதற்கு லூப் போகிறது என்பது சுவரில் அடுத்தடுத்து இருப்பதை வைத்து மட்டும் தெரியாது. பக்கத்து அறையின் போர்டும் இதுவும் முதுகோடு முதுகாக ஒரே சுவரில் இருந்தால், லூப் அங்கிருந்துகூட வந்திருக்கலாம்.

## கருவியும் கவனமும்

டெஸ்டர் ஸ்குரூடிரைவர், ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். டெஸ்ட் லாம்ப் என்பது ஹோல்டரில் மாட்டிய 40 அல்லது 60 வாட் குண்டு பல்பும், அதிலிருந்து வருகிற ஒயரில் ஒரு பிளக்கும்தான். எல்.இ.டி. பல்பை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது மிகக் குறைந்த கரண்டிலேயே மினுக்கிக் காட்டிவிடும்.

போர்டைக் கழற்றும்போது மெயின் சுவிட்சையே இறக்கிவிடுங்கள். அந்த லைனின் எம்.சி.பி.யை மட்டும் இறக்கினால் போதாதா என்று கேட்கலாம். சாதாரண ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை வெட்டாது. பழைய வீடுகளில் ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனுக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். அப்படி இருக்கும்போது, நீங்கள் எம்.சி.பி.யை இறக்கிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு நியூட்ரல் முடிச்சைப் பிரித்தால், பக்கத்து லைனில் ஓடிக்கொண்டிருக்கிற ஃபேன் வழியாக வரும் கரண்ட் அந்தப் பிரிந்த முனையில் நிற்கும். கறுப்பு ஒயர்தானே என்று தொட்டவர்களுக்கு ஷாக் அடிப்பது இப்படித்தான்.

மெயினை இறக்கிய பிறகும் டெஸ்டரை நம்புவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெயினை இறக்கி, வேலை செய்யப்போகிற இடத்தில் வையுங்கள். அங்கே எரியவில்லை என்றாலும் உடனே கை வைக்காதீர்கள்; மெயினை ஒரு முறை போட்டு, ஓடுகிற இடத்தில் டெஸ்டர் இன்னும் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை மறுபடி இறக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். நடுவில் டெஸ்டரே போயிருந்தால் இப்போது தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் இருக்கிற வீடாக இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயின் போனதும் அது தன் பங்குக்குக் கரண்டைக் கொடுக்க ஆரம்பித்துவிடும்.

## அறிகுறி: டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை

குழப்பம் அதிகம் வருகிற இடம் இது. டெஸ்டரை ஃபேஸ் துளையில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. "கரண்ட் வருதே, அப்புறம் ஏன் ஓடலை?" என்று எல்லாருக்கும் தோன்றும். டெஸ்டர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த முனையில் மின்னழுத்தம் இருக்கிறது. அந்தக் கரண்ட் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. திரும்பிப் போகிற வழி நியூட்ரல். ஃபேஸ் இருந்து எதுவும் ஓடவில்லை என்றால் முதல் சந்தேகம் நியூட்ரல் அறுந்ததில்தான் விழ வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு சின்னச் சோதனை. அந்த சாக்கெட்டில் டெஸ்ட் லாம்பைச் செருகி சுவிட்சைப் போடுங்கள். அது எரியாது. இப்போது அதே போர்டில் இன்னொரு சாக்கெட் இருந்தால் அதன் நியூட்ரல் துளையில் டெஸ்டரை வையுங்கள். ஃபேஸ் துளையில் எரிவதுபோல் இங்கேயும் எரியும். இரண்டு துளையிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் அறுந்திருக்கிறது என்பதில் அநேகமாகச் சந்தேகம் இல்லை. பல்பின் இழை வழியாக ஃபேஸ் மறுபக்கம் வந்து, போக இடம் இல்லாமல் அறுந்த நியூட்ரலில் அப்படியே நிற்கிறது. பல்பைப் பிடுங்கினால் நியூட்ரல் துளையில் டெஸ்டர் அணைந்துவிடும் அல்லது மங்கும்.

இதில் இருக்கிற ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். சாக்கெட்டில் செருகிய கருவி ஓடாமல் இருக்கும், ஆனால் அதன் உள்ளே ஃபேஸ், நியூட்ரல் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்கும். ஓடவில்லையே என்று அதைச் செருகியபடியே கழற்றிப் பார்ப்பது மிக மோசமான பழக்கம்.

மல்டிமீட்டரை வைத்து இதையே எண்ணாகப் பார்க்கலாம். ஒரு படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். கதவுப் பக்கம் முதல் போர்டு, கட்டில் பக்கம் இரண்டாவது, மேஜைப் பக்கம் மூன்றாவது. மூன்றாவதில் சாக்கெட்டும் அதே போர்டில் உள்ள நைட் லாம்பும் ஓடவில்லை. மீட்டரை ஏ.சி. வோல்டேஜில் வைத்து, எதையும் செருகாமல் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 70, 80 என்று ஆடிக்கொண்டே ஏதோ ஓர் எண் வருகிறது. இந்த எண்ணைப் பார்த்து வோல்டேஜ் குறைவாக வருகிறது என்று முடிவுகட்டக் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் அளவில் இருக்கும். அறுந்த ஒயர், பக்கத்தில் ஓடுகிற உயிருள்ள ஒயரோடு சேர்ந்து குழாய்க்குள் கிடப்பதால், அதில் ஒட்டிக்கொள்கிற துளியளவு கரண்டையும் மீட்டர் வோல்டேஜாகக் காட்டிவிடும். உண்மையான கரண்டா என்று தெரிய, டெஸ்ட் லாம்பைச் செருகி சுவிட்சைப் போட்டுவிட்டு, பக்கத்துத் துளைகளில் மறுபடி பாருங்கள். நம் அறையில் இப்போது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 0. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 231. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அதே 231. நல்ல நிலையில் உள்ள பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். கதை முடிந்தது: ஃபேஸ் நன்றாக வந்து சேர்கிறது, நியூட்ரல் வந்து சேரவில்லை.

எர்த்தை வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எர்த்தே சரியில்லாத வீடுகள் இருக்கின்றன, அங்கே இந்த எண்கள் ஏமாற்றும். அதற்கு ஒரு வழி, ஓடுகிற பாயிண்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை ஓடாத சாக்கெட்டின் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பது. நம்பகமான ஃபேஸும் நியூட்ரலும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டன. எக்ஸ்டென்ஷனின் நியூட்ரல் துளையில் ஒரு முனையும் சாக்கெட்டின் ஃபேஸ் துளையில் மறுமுனையும் வைத்தால் 230 அளவில் வர வேண்டும்; வந்தால் சாக்கெட்டில் ஃபேஸ் சரி. அப்புறம் மாற்றி, எக்ஸ்டென்ஷனின் ஃபேஸ் துளைக்கும் சாக்கெட்டின் நியூட்ரல் துளைக்கும் பாருங்கள். உறுதியான 230 வராமல் ஆடும் எண்ணோ பூஜ்யமோ வந்தால் நியூட்ரல்தான் குற்றவாளி. மீட்டர் முனைகளை மட்டும்தான் வைக்கிறோம். ஒயர் போட்டு இரண்டையும் இணைக்கிற எண்ணமே வேண்டாம். மூன்று ஃபேஸ் வருகிற வீடாக இருந்தால் இரண்டு ஃபேஸ் துளைகளுக்கு நடுவில் 400 வோல்ட் வரவும் இடமுண்டு. அந்த அளவைத் தாங்குகிற மீட்டராக இருக்க வேண்டும்.

டெஸ்ட் லாம்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டிப் பார்க்கிற பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 40 வாட் பல்பு 170 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கும். கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்து வீடே இருட்டாகிவிடும். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எர்த் கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம், எர்த் ஒயரோடு இணைந்த எல்லா உலோகத்திலும் அந்த வழியாகக் கரண்ட் ஏறும்.

சரி, அறைக்குத் திரும்புவோம். மெயினை இறக்கிவிட்டு முதலில் மூன்றாவது போர்டைக் கழற்றுகிறோம். நியூட்ரல் ஸ்குரூவில் ஒயர் இறுக்கமாக இருக்கிறது. ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பதுதான் சோதனை, கண்ணால் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மூன்றாவதில் எதுவும் வரவில்லை. அடுத்து இரண்டாவது போர்டு, கட்டில் பக்கம், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற போர்டு. சாக்கெட்டின் நியூட்ரல் ஸ்குரூவில் இரண்டு கறுப்பு ஒயர்கள் சேர்ந்து போயிருக்கின்றன. ஒன்றை இழுத்தால் அசையவில்லை. இன்னொன்று கையோடு வந்துவிட்டது.

வந்த முனையைப் பார்த்தால் காரணம் தெரிகிறது. செம்பு கம்மியாகவும் மேல் உறை கூடுதலாகவும் உள்ளே போயிருக்கிறது. ஸ்குரூ செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக் உறையைப் பிடித்திருக்கிறது. நாலைந்து இழைகள் மட்டும் பக்கவாட்டில் உரசிக்கொண்டிருந்தன. ஒயரிங் செய்த நாளில் சோதித்தபோது அந்த நாலைந்து இழைகளே போதுமாக இருந்தன, விளக்கும் எரிந்தது. பிறகு அதன் வழியாகக் கரண்ட் ஓடும்போதெல்லாம் சூடாகி, ஆறி, செம்பு கறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது போர்டு ஏன் ஓடுகிறது என்பதற்கும் இதுவே விடை. அதற்கு உள்ளே வருகிற ஒயர் நன்றாகப் பிடித்திருக்கிறது, அடுத்த போர்டுக்குப் போகிற ஒயர்தான் விட்டுப்போனது.

## அறிகுறி: டெஸ்டர் எரியவே இல்லை

இது ஃபேஸ் வராத நிலை, கண்டுபிடிப்பதும் சுலபம். சாக்கெட்டுக்கு முன்னால் சுவிட்ச் இருக்கிறது, பெரும்பாலும் அதுதான். சுவிட்சைப் போட்டாலும் டெஸ்டர் எரியவில்லை என்றால், மெயினை இறக்கிப் போர்டைக் கழற்றி, எந்த முனையும் எதையும் தொடாதபடி கவனமாக வெளியே நிறுத்திவிட்டு, மெயினைப் போட்டு சுவிட்சின் இரண்டு ஸ்குரூவிலும் டெஸ்டர் முனையை வைத்துப் பார்க்க வேண்டும். இப்படித் திறந்த போர்டில் உயிரோடு வேலை செய்வது எல்லாருக்கும் ஏற்றதல்ல. கை நடுங்குகிறவர், சின்னப் பிள்ளைகள் சுற்றித் திரிகிற வீடு, ஈரச் சுவர் என்றால் இந்த இடத்தில் நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

உள்ளே வருகிற ஸ்குரூவில் எரிந்து, வெளியே போகிற ஸ்குரூவில் சுவிட்ச் போட்டும் எரியவில்லை என்றால் சுவிட்ச் போய்விட்டது. உள்ளே தொடுபுள்ளி கருகியிருக்கும். எறும்பு புகுந்து தொடுபுள்ளிக்கு நடுவில் நசுங்கிக் கிடப்பதும் நடக்கிற ஒன்றுதான். கழற்றிச் சுரண்டி மறுபடி பூட்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது சாக்கெட்டின் ஆம்பியருக்குத் தகுந்த சுவிட்சைப் போடுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 6 ஆம்பியர் சுவிட்சை மாட்டியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம், அது கருகியதற்குக் காரணமே அதுவாக இருக்கும்.

இரண்டு ஸ்குரூவிலும் எரியவில்லை, போர்டில் உள்ள வேறு எதுவும் ஓடவில்லை என்றால் ஃபேஸ் லூப் அறுந்திருக்கிறது. மேலே நியூட்ரலுக்குச் சொன்ன அதே தேடல்தான்: இந்தப் போர்டு, பிறகு முந்தைய போர்டு.

## அறிகுறி: சார்ஜர் ஓடுகிறது, அயர்ன் பாக்ஸ் ஓடவில்லை

ஃபோன் சார்ஜ் ஆகிறது, டேபிள் லாம்ப் எரிகிறது. ஆனால் அயர்ன் பாக்ஸைப் போட்டால் சூடேறவில்லை, அல்லது சூடேறும்போது அதே வரிசையில் உள்ள விளக்கு மங்குகிறது, போர்டுக்குப் பக்கத்தில் லேசாகக் கருகல் வாடை வருகிறது. சாக்கெட் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் போய்க்கொண்டிருக்கிறது. மற்ற அறிகுறிகளில் அவசரம் இல்லை, இதில் உண்டு. பாயிண்ட் முழுதாகப் போய்விட்டால் தொந்தரவு மட்டும்தான், பாதி தொடுகிற முடிச்சோ தீப்பிடிக்கக்கூடியது.

கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். 1500 வாட் அயர்ன் பாக்ஸின் தடை 35 ஓம் அளவில் இருக்கும். வழியில் ஒரு தளர்ந்த முடிச்சு வெறும் 3 ஓம் தடையாகச் சேர்ந்தால், ஓடுகிற கரண்ட் சுமார் 6 ஆம்பியர், அந்த முடிச்சில் விழுகிற வோல்டேஜ் 18. அயர்ன் பாக்ஸுக்கு 212 வோல்ட் கிடைப்பதால் அது ஓடத்தான் செய்யும், வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த முடிச்சில் 100 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகிறது. 100 வாட் குண்டு பல்பு எவ்வளவு சூடாகும் என்று கையில் பட்டவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடு முழுக்க ஒரு ஸ்குரூ அளவு இடத்தில், பிளாஸ்டிக்கை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. எம்.சி.பி. இதற்கு விழவே விழாது, ஏனென்றால் ஓடுகிற கரண்ட் முன்பைவிடக் குறைவுதான்.

மீட்டரில் இதைப் பிடிக்க ஒரே வழி, லோடு இருக்கும்போது அளப்பது. சாக்கெட்டில் எதுவும் இல்லாமல் 230 காட்டும். அயர்ன் பாக்ஸைப் போட்டதும் பக்கத்துச் சாக்கெட்டில் 212 ஆக இறங்கினால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. அதே லோடோடு முந்தைய போர்டிலும் அளந்து பாருங்கள். அங்கே 228 வந்தால் அந்தத் தடை இரண்டு போர்டுக்கும் நடுவில் இருக்கிறது; அங்கேயும் 213 வந்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். அளந்தவுடன் லோடை எடுத்துவிடுங்கள், நிதானமாகப் பார்க்கிறேன் என்று ஓடவிட்டு வைக்க வேண்டாம். போர்டைக் கழற்றும்போது எந்த ஸ்குரூவைச் சுற்றி உறை பழுப்பேறி, விறைத்து, நொறுங்குகிறதோ அதுதான் இடம்.

பிளக்கை ஆட்டினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்பது இதன் தம்பி. அங்கே சாக்கெட்டின் உள்ளே பிளக் கம்பியைக் கவ்விப்பிடிக்கிற பித்தளைத் தகடு விரிந்துவிட்டது. சாக்கெட்டை மாற்றுவதுதான் தீர்வு, தகட்டை நெருக்கி வைப்பது சில வாரத்துக்கு மேல் தாங்காது.

## அறிகுறி: சுவிட்சை அணைத்தாலும் டெஸ்டர் எரிகிறது

இது ஓடாத சாக்கெட்டைத் தேடும்போது தற்செயலாகக் கண்ணில் படும். சுவிட்சை ஃபேஸில் போடுவதற்குப் பதிலாக நியூட்ரலில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கருவி சுவிட்சுக்குக் கட்டுப்படும், ஆனால் அணைத்த பிறகும் அதனுள் ஃபேஸ் இருக்கும். நிறத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் என்பது ஒரு வழக்கம். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்பது இன்னொன்று. இன்னும் சில இடங்களில் நீலமே மூன்றாவது ஃபேஸ். மீட்டர் சொல்வதுதான் கணக்கு.

## ஸ்குரூ எல்லாம் சரி, ஆனாலும் வரவில்லை

இரண்டு போர்டிலும் இழுத்துப் பார்த்தாகிவிட்டது, எதுவும் கையோடு வரவில்லை. அப்படியானால் ஒயரே நடுவில் அறுந்திருக்க வேண்டும். படம் மாட்ட ஆணி அடித்தது, ஏ.சி. மாட்ட ஓட்டை போட்டது என்று சமீபத்தில் அந்தச் சுவரில் ஏதாவது நடந்ததா என்று வீட்டில் கேளுங்கள். அல்லது ஒயரின் உறையைச் சீவும்போது கத்தி செம்பிலும் பட்டு, வெட்டு விழுந்த இடத்தில் வளைத்து வளைத்து உறைக்குள்ளேயே ஒடிந்திருக்கும். ஆகவே முதலில் முனையிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு ஒயரைத் தடவி, மெதுவாக மடக்கிப் பாருங்கள். ஒடிந்த இடத்தில் கையில் ஒரு தொய்வு தெரியும்.

உறுதிசெய்ய, மெயினை இறக்கி, அந்த ஒயரின் இரண்டு முனையையும் ஸ்குரூவிலிருந்து விடுவித்து, இரண்டு போர்டுக்கும் எட்டுகிற நீளத்துக்கு ஒரு தனி ஒயரை எடுத்து மீட்டரின் ஒரு முனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓம் அளவில் வைத்துப் பார்த்தால், நல்ல ஒயர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு 10 மீட்டருக்கு 0.12 ஓம்தான் வர வேண்டும். தனி ஒயரின் தடையும் மீட்டர் முனைகளின் தடையும் சேர்ந்தாலும் அரை ஓமைத் தாண்டாது. எண்ணே வராமல் நின்றால் ஒயர் அறுந்துவிட்டது. 5, 10 என்று வந்து ஒயரை அசைக்கும்போது மாறினால் பாதி அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: குழாய்க்குள் புது ஒயர் இழுப்பது. பழைய ஒயரின் முனையில் புதியதைக் கட்டி மறுபக்கம் இழுக்கலாம், ஆனால் ஆணி இறங்கியிருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். அந்த வேலையையும், அலுமினிய ஒயர் ஓடுகிற பழைய வீட்டு முடிச்சுகளையும், உறை கருகி உள்ளே வரை போயிருக்கிற லைனையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

நியூட்ரல் அறுந்திருக்கிறது, எர்த் இருக்கிறது, ஆகவே எர்த்தையே நியூட்ரலாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல்பு எரியும், உண்மைதான். ஆனால் ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே விழும். இல்லாவிட்டால், எர்த் எங்காவது விட்டுப்போன நாளில் வீட்டிலுள்ள ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் ஃபேஸ் ஏறி நிற்கும்.

## முடிச்சைச் சரிசெய்வது

நம் கட்டில் பக்கத்துப் போர்டில், கறுத்த முனையை அப்படியே மறுபடி திணித்து ஸ்குரூவை முறுக்கினால் கொஞ்ச நாளில் இதே கோளாறு திரும்பி வரும். கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, செம்பு பளபளவென்று தெரிகிற இடம் வரை போங்கள். ஸ்குரூ துளையின் ஆழத்துக்குத் தகுந்தபடி, பொதுவாக 8 முதல் 10 மில்லிமீட்டர் மட்டும் உறையை எடுங்கள். வெளியே செம்பு தெரியக் கூடாது, உள்ளே உறை போகக் கூடாது. இழை ஒயராக இருந்தால் இழைகளை முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாதபடி சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற ஒயரும் வெளியே போகிற ஒயரும் ஒரே துளையில் போகின்றன என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கிய பிறகு துளையில் விடுங்கள். தனித்தனியாக விட்டால் ஸ்குரூ தடிமனானதை மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லியதை விட்டுவிடும். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் தனியாக இழுத்துப் பாருங்கள். ஒயர் கட்டையாகிவிட்டது, எட்டவில்லை என்றால் இழுத்துக் கட்டாதீர்கள். கனெக்டர் வைத்து ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து நீளமாக்கிக்கொள்ளுங்கள்.

போர்டைப் பூட்டி மெயினைப் போட்டதும் டெஸ்ட் லாம்ப் எரிந்தால் மட்டும் திருப்தி அடைய வேண்டாம், 60 வாட்டுக்கு மோசமான முடிச்சும் ஒத்துழைக்கும். அந்த சாக்கெட் தாங்கக்கூடிய பெரிய லோடு ஒன்றை, அயர்ன் பாக்ஸோ கெட்டிலோ, பத்து நிமிஷம் ஓடவிட்டு, பக்கத்துச் சாக்கெட்டில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். நாலைந்து வோல்ட் இறங்கினால் ஒயரின் நீளத்துக்கு அது இயல்பு. அதன் பிறகு மேஜைப் பக்கம், கட்டில் பக்கம் இரண்டு போர்டின் மேல் தட்டையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் போர்டை மறுபடி கழற்ற வேண்டும்.